மீதி வேலை எந்த விலையில் முடியும்?

கேள்வி: ஐயா, ஒரு கல்லூரி விடுதிக் கட்டடத்தில் பிளானிங் இன்ஜினியராக இருக்கிறேன். பட்ஜெட் 10 கோடி, 12 மாத வேலை. ஆறாம் மாத முடிவில் 4 கோடி மதிப்புள்ள வேலை முடிந்திருக்கிறது, 5 கோடி செலவாகிவிட்டது. திட்டப்படி 4.5 கோடி வேலை முடிந்திருக்க வேண்டும். மொத்தம் எவ்வளவில் முடியும் என்று எம்.டி. கேட்கிறார். புராஜெக்ட் மேனேஜர் 11 கோடி என்கிறார். சாஃப்ட்வேர் 12.5 கோடி காட்டுகிறது. கன்சல்டன்ட் 13.44 கோடி என்று மெயில் அனுப்பியிருக்கிறார். மூவரும் எடுத்தது ஒரே எண்களைத்தான். நான் எதைச் சொல்வது? செலவு ஷீட்டை இணைத்திருக்கிறேன்.
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

மூன்று பேர் கணக்கிலும் தப்பில்லை. செலவான 5 கோடி நடந்து முடிந்தது, அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. மீதி இருக்கும் 6 கோடி ரூபாய் வேலையைப் பற்றித்தான் மூவரும் மூன்று விதமாக நினைக்கிறார்கள். அந்த நினைப்பைத்தான் சூத்திரம் என்ற பெயரில் எழுதியிருக்கிறார்கள். கீழே EV என்பது முடிந்த வேலையின் மதிப்பு, AC ஆன செலவு, PV திட்டப்படி இதற்குள் முடிந்திருக்க வேண்டிய வேலை, BAC மொத்த பட்ஜெட், EAC வேலை முடியும்போது ஆகும் மொத்தச் செலவு. CPI செலவில் எப்படிப் போகிறோம் என்பதையும், SPI வேகத்தில் எப்படிப் போகிறோம் என்பதையும் காட்டும், இரண்டும் 1-க்குக் கீழே போனால் நிலைமை மோசம்.

```
CPI = EV / AC = 4 / 5   = 0.80
SPI = EV / PV = 4 / 4.5 = 0.89

EAC = AC + (BAC - EV)                = 11.00
EAC = AC + (BAC - EV) / CPI          = 12.50
EAC = AC + (BAC - EV) / (CPI * SPI)  = 13.44
```

இதை எம்.டி.யிடம் சொல்லும்போது சிபிஐ, எஸ்பிஐ என்று ஆரம்பிக்காதீர்கள். பட்ஜெட்டில் ஒரு ரூபாய் என்று எழுதிய வேலையைச் செய்து முடிக்க நிஜத்தில் எவ்வளவு ஆகிறது என்று சொல்லுங்கள். இதுவரை ஒரு ரூபாய் வேலைக்கு 1.25 ரூபாய் ஆகியிருக்கிறது. இனிமேல் ஒரு ரூபாய் வேலை ஒரு ரூபாயிலேயே முடியும் என்கிறார் மேனேஜர். இதுவரை ஆன மாதிரியே 1.25 ஆகும் என்கிறது சாஃப்ட்வேர். கன்சல்டன்ட் கணக்குப்படி அது 1.41 ரூபாய். இப்படிச் சொன்னதுமே எம்.டி. கேட்கப்போகும் அடுத்த கேள்வி, "ஏன் அப்படி?" என்பதாகத்தான் இருக்கும். அதற்கான பதில் சூத்திரத்தில் கிடைக்காது. உங்கள் ஷீட்டில் இருக்கிறது.

ஷீட்டுக்குள் போவதற்கு முன் ஒன்று. முடிந்த வேலையும் செலவும் ஒரே தேதிக்கு, ஒரே வேலைக்கு உரியவையா என்று பார்க்க வேண்டும். சைட்டில் சிபிஐ தப்பாக வருவதற்கு நான் அதிகம் கண்ட காரணம் இதுதான். மொத்தமாகக் கம்பி வாங்கி யார்டில் அடுக்கிவிட்டு முழுத் தொகையையும் செலவில் எழுதினால், வேலையில் சேராத பணம் செலவில் சேர்ந்து சிபிஐ கீழே போகும். சென்டரிங் மேஸ்திரி செய்த வேலைக்கு அவ்வப்போது போடும் ஆர்.ஏ. பில் கணக்குப் பிரிவில் நிற்கும்போது, அளவுப் புத்தகமான எம்-புக்கில் ஏறிய வேலையை மட்டும் எடுத்துக்கொண்டால் சிபிஐ மேலே போகும். இரண்டாவது அதிக ஆபத்து, ஏனென்றால் நல்ல செய்தியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வேலைக்குச் சேர்ந்த நாலாவது வருஷத்தில் ஒரு ஆலைக் கட்டடத்தில் எனக்கு இது நடந்தது. மூன்று மாதம் 1.05 என்று ரிப்போர்ட் கொடுத்தேன். நாலாவது மாதம் நிலுவையில் இருந்த லேபர் பில் எல்லாம் ஒன்றாக ஏறி, சிபிஐ 0.91-க்கு வந்தது. அந்த மாதம் சைட்டில் எதுவும் புதிதாகக் கெடவில்லை. முன்பு கொடுத்த மூன்று ரிப்போர்ட்டும் பொய்யாக இருந்தன, அவ்வளவுதான். நல்லவேளையாக நீங்கள் யார்டு கம்பியைக் கழித்து, பில் வராத வேலைக்கும் தொகை சேர்த்திருக்கிறீர்கள் என்று அடிக்குறிப்பில் பார்த்தேன். ஆகவே 5 கோடியை நம்பி மேலே போகிறேன்.

உங்கள் ஷீட்டைச் சுருக்கினால் லட்சக் கணக்கில் இப்படி வருகிறது:

| பகுதி | பட்ஜெட் | முடிந்த வேலை | செலவு | மீதி வேலை |
|---|---|---|---|---|
| மண் வேலை, அஸ்திவாரம் | 150 | 150 | 190 | 0 |
| ஆர்.சி.சி. | 350 | 175 | 235 | 175 |
| சுவர், பூச்சு, டைல்ஸ், பெயின்ட் | 250 | 15 | 15 | 235 |
| மின்சாரம், பிளம்பிங் | 130 | 0 | 0 | 130 |
| சைட் நிர்வாகம் | 120 | 60 | 60 | 60 |

இந்த அட்டவணையைக் கொஞ்ச நேரம் பாருங்கள். 0.80 என்ற எண் எங்கிருந்து வந்தது? அஸ்திவாரத்திலும் ஆர்.சி.சி.யிலும் மட்டும்தான் பணம் மீறியிருக்கிறது, 40 லட்சமும் 60 லட்சமுமாக. மீதி வேலை 600 லட்சத்தில் அஸ்திவாரம் சுத்தமாக இல்லை, ஆர்.சி.சி. 175 லட்சம்தான். பாக்கி 425 லட்சம் வேறு ஆட்கள், வேறு பொருட்கள், வேறு ஒப்பந்தங்கள். மண் தோண்டியபோதும் கான்கிரீட் போட்டபோதும் ஆன விலையை டைல்ஸ் ஒட்டுகிறவர் தலையில் கட்டுவதுதான் 12.5 கோடி. மறுபக்கம், கான்கிரீட் பாதி பாக்கி இருக்கும்போது நாளையிலிருந்து எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவதுதான் 11 கோடி.

சிபிஐயை முன்னோக்கி நீட்டும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1967-ல் தன் பெரிய ஒப்பந்தங்களுக்கு இந்தக் கணக்கு முறையைக் கட்டாயமாக்கியது. அந்த ஒப்பந்தங்களின் தரவுகளை 1990-களில் ஆராய்ந்த டேவிட் கிறிஸ்டென்சன், வேலை 20 சதவீதம் முடிந்த பிறகு மொத்த சிபிஐ பெரிதாக மாறுவதில்லை, மாறினாலும் பெரும்பாலும் கீழேதான் போகிறது என்று கண்டார். கன்சல்டன்ட்கள் சொல்லும் "20 சதவீத விதி" இதிலிருந்து வந்ததுதான். ஆனால் அவை பல வருஷம் ஓடும் ஆயுத ஒப்பந்தங்கள். பின்னாளில் கிம் ஹெண்டர்சனும் ஓஃபர் ஸ்விகேலும் வேறு வகைத் திட்டங்களை எடுத்துப் பார்த்தபோது அந்த நிலைத்தன்மை பொதுவாக எல்லாவற்றுக்கும் பொருந்தவில்லை என்று 2008-ல் எழுதினார்கள். உங்கள் வேலை 12 மாதக் கட்டடம். அதில் முதல் பாதியும் இரண்டாம் பாதியும் இரண்டு வேறு தொழில்கள். இங்கே அந்த விதியைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது.

அதற்காகச் சிபிஐயைத் தூக்கிப் போட வேண்டாம். எந்த வேலையில் பிறந்ததோ அந்த வேலையின் மீதிக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். அப்படி ஒவ்வொரு பகுதியாகப் போவோம்.

அஸ்திவாரம் எளிது. மூலையில் மூடிக்கிடந்த பழைய கிணறும், எதிர்பாராத பாறையும் சேர்ந்து 40 லட்சம் தின்றுவிட்டன என்று குறித்திருக்கிறீர்கள். அந்தக் கிணறு இனி வராது. அது நடந்துபோன தனி நிகழ்ச்சி. அந்த 40 லட்சம் மொத்தத்தில் இருக்கும், ஆனால் மீதி வேலையின் விலையைத் தொடக்கூடாது. மேனேஜருடைய சூத்திரம் பொருந்துவது இந்த மாதிரிச் செலவுக்குத்தான்.

இதிலேயே இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. பாறை உடைத்ததையும் கிணற்றை நிரப்பியதையும் கல்லூரித் தரப்பு கூடுதல் வேலையாக ஒப்புக்கொண்டதா? ஒப்புக்கொண்டால் அது பட்ஜெட்டில் சேர வேண்டும், முடிந்த வேலையிலும் சேர வேண்டும். முழு 40 லட்சத்தையும் ஏற்றுக்கொண்டால் பட்ஜெட் 1,040, முடிந்த வேலை 440, சிபிஐ 0.88. சைட்டில் ஒரு செங்கல்கூட நகராமல் சிபிஐ எட்டு புள்ளி ஏறிவிடும்! செலவில் ஏறி, வேலையில் ஏறாத கூடுதல் வேலை ஒன்று இருந்தால் சிபிஐ உங்கள் ஆட்களின் திறமையைச் சொல்லவில்லை, அலுவலகத்தில் தூங்கும் ஒரு கடிதத்தைச் சொல்கிறது. ஒப்புதல் எழுத்தில் வரும்வரை பழைய கணக்கையே வையுங்கள். எப்படியிருந்தாலும் நம் கையிலிருந்து போன பணம் மாறாது. விலை உயர்வுக்கு ஒப்பந்தப்படி வரக்கூடிய ஈட்டுத்தொகையும் அப்படித்தான், அது வரவுப் பக்கம். அதைக் காட்டி மொத்தச் செலவைக் குறைக்க யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

அடுத்தது ஆர்.சி.சி. நேரத்தை இங்கேதான் செலவழிக்க வேண்டும். மீறிய 60 லட்சத்துக்கு மூன்று காரணம் எழுதியிருக்கிறீர்கள்: கம்பி, எம்-சாண்ட் விலையேற்றம் 10 லட்சம், இரண்டாம் தளத்தில் கான்கிரீட் சரியாக இறங்காமல் தேன்கூடு போல ஓட்டை விழுந்த பகுதியை உடைத்து மறுபடி போட்டது 15 லட்சம், சென்டரிங் ஆட்களின் வேகக்குறைவு 35 லட்சம். மூன்றும் ஒரே பத்தியில் இருக்கின்றன. ஆனால் மூன்றும் எதிர்காலத்துக்குள் மூன்று விதமாகப் போகும்.

உடைத்துப் போட்ட 15 லட்சம் கிணற்றைப் போன்றது, மீதியில் சேர்க்க வேண்டாம். வைப்ரேட்டர் பழுது என்று காரணமும் எழுதி, புதிதாக வாங்கியதையும் எழுதியிருப்பதால் அப்படிச் சொல்கிறேன். காரணம் தெரியாத மறுவேலை என்றால் திரும்பவும் வரும் என்றுதான் வைத்துக்கொள்வேன்.

விலையேற்றம் இதற்கு நேர் எதிர். பார்க்க 10 லட்சம்தான். ஆனால் விலை ஏறியது ஐந்தாம் மாதத் தொடக்கத்தில். முடிந்த 175 லட்ச வேலையில் அதற்குப் பிறகு செய்தது 100 லட்சம்தான். நூறுக்குப் பத்து என்றால் பத்து சதவீதம். மீதி 175 லட்சமும் ஏறிய விலையில்தான் நடக்கும் என்பதால் 17.5 லட்சம் கூடும். மொத்தச் சிபிஐ செய்யும் பெரிய தவறு இது. பழைய மலிவான மாதங்களையும் புதிய விலை மாதங்களையும் கலந்து சராசரி காட்டி, சமீபத்தில் வந்த மாற்றத்தை நீர்த்துப்போகச் செய்துவிடும். காரணம் எப்போது தொடங்கியது என்ற தேதி இல்லாமல் எந்த மீறலையும் முன்னே நீட்டக்கூடாது.

சென்டரிங் வேகக்குறைவுதான் உண்மையில் சிபிஐ பேசவேண்டிய இடம். அதே ஆட்கள், அதே வேலை, இன்னும் பாதி பாக்கி. 175-க்கு 35 என்றால் இருபது சதவீதம். மேனேஜர், "ஆட்கள் பழகிவிட்டார்கள், இனி வேகம் வரும்" என்கிறாராம். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறதா என்று மாதக் கணக்கில் பார்த்தேன். ஐந்தாம் மாதம் வரை 115 லட்ச ஆர்.சி.சி. வேலைக்கு 160 லட்சம் ஆகியிருக்கிறது, ரூபாய்க்கு 1.39. ஆறாம் மாதம் மட்டும் 60 லட்ச வேலைக்கு 75 லட்சம், ரூபாய்க்கு 1.25. முன்பிருந்த மாதங்களில் உடைத்துப் போட்ட செலவும் இருக்கிறது என்பதால் இதை அப்படியே ஒப்பிடக்கூடாது. விலையேற்றத்தையும் மறுவேலையையும் கழித்தால், சென்டரிங்கால் மட்டும் முன்பு சுமார் 23 சதவீதம் மீறியது, கடைசி மாதம் 15 சதவீதம். ஆக, முன்னேற்றம் இருப்பது உண்மை. ஆனால் ஒரு மாதத்தை வைத்து நான் நம்ப மாட்டேன். ஒரே ஒரு ஸ்லாப் நன்றாகப் போவதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், மழை பெய்யாததுகூட. ஆகவே இருபது சதவீதத்தையே வைக்கிறேன், 35 லட்சம். அடுத்த இரண்டு ஸ்லாப்பும் 15-க்குள் வந்தால் குறைத்துக்கொள்ளலாம்.

சேர்த்துப் பார்த்தால் மீதி ஆர்.சி.சி.க்கு 175 + 17.5 + 35, அதாவது 227.5 லட்சம். ரூபாய்க்கு 1.30. கவனித்தீர்களா, சாஃப்ட்வேரின் 1.25-ஐ விட இது அதிகம். மீதி வேலை முழுவதற்கும் அது கூடுதலாகச் சொல்கிறது, இந்த ஒரு பகுதிக்கு மட்டும் குறைவாகச் சொல்கிறது.

சுவர், பூச்சு, டைல்ஸ், பெயின்டுக்கு வருகிறேன். 235 லட்ச வேலை பாக்கி, முடிந்தது 15 லட்சம். அந்தப் பதினைந்தில் சிபிஐ சரியாக 1.0 வந்திருக்கிறது. அதை வைத்து மகிழவும் வேண்டாம். கீழ்த்தளத்தில் நாலு சுவர் கட்டியதை வைத்து ஐந்து தளத்து டைல்ஸைக் கணிக்க முடியாது. வேலையே நடக்காத இடத்தில் சிபிஐக்குச் சொல்ல ஒன்றுமில்லை, ஒர்க் ஆர்டரும் கொட்டேஷனும்தான் பேசும். நீங்கள் 140 லட்ச வேலையை 147-க்கு ஆர்டர் கொடுத்துவிட்டீர்கள். மீதி 95-க்கு வந்திருக்கும் கொட்டேஷன்கள் சுமார் 100-க்கு நிற்கின்றன. ஆக 247 லட்சம். மின்சாரமும் பிளம்பிங்கும் முழுத் தொகை ஒப்பந்தம், 130 லட்சம். அளவு மாறினால் மட்டும் மாறும்.

கடைசியாக சைட் நிர்வாகம். இதை முக்கால்வாசிப் பேர் கவனிக்காமல் விடுகிறார்கள். இன்ஜினியர் சம்பளம், வாட்ச்மேன், கிரேன் வாடகை, டீசல் எல்லாம் சேர்த்து மாதம் 10 லட்சம். ஆறு மாதம் ஆயிற்று, 60 வேலை, 60 செலவு, சிபிஐ 1.0 என்று அழகாக இருக்கிறது. இது வேலையின் அளவைப் பார்த்து வரும் செலவு கிடையாது, காலண்டரைப் பார்த்து வருவது. நாள் போனாலே "முடிந்த வேலை" ஏறிவிடும், ஆகவே எப்போதும் நன்றாகவே தெரியும். இந்த வரியை எடுத்துவிட்டுக் கணக்குப் போடுங்கள், முடிந்த வேலை 340, செலவு 440, சிபிஐ 0.77. உங்கள் 0.80 கொஞ்சம் பவுடர் போட்ட முகம். இங்கே மீதியைக் கணிக்கத் தேவையான எண் சிபிஐ கிடையாது, இன்னும் எத்தனை மாதம் என்பதுதான். ஸ்லாப் தேதிகளைப் பார்த்தால் ஆர்.சி.சி. இரண்டு மாதம் பின்தங்கி முடியும் போலத் தெரிகிறது. பூச்சு வேலையைக் கீழ்த்தளங்களில் முன்னதாகத் தொடங்கினாலும் மொத்தத்தில் இரண்டு மாதம் தள்ளும் என்றே வைக்கிறேன். எட்டு மாதத்துக்கு 80 லட்சம்.

இப்போது கூட்டுங்கள். 227.5, 247, 130, 80. மொத்தம் 684.5 லட்சம். செலவான 500-ஐச் சேர்த்தால் 1,184.5 லட்சம். அதாவது 11.85 கோடி, மீதி வேலையில் ரூபாய்க்கு 1.14.

முன்பு கூடுதல் வேலையை ஒப்புக்கொண்டால் சிபிஐ 0.88 ஆகும் என்றேன் இல்லையா? அந்தச் சிபிஐயால் 1,040-ஐ வகுத்தால் 11.82 கோடி வருகிறது. கிட்டத்தட்ட நம் விடைதான். இதைக் காட்டிச் சூத்திரமே போதும் என்று யாராவது சொன்னால் ஏமாறாதீர்கள். ஆர்.சி.சி.யில் குறைத்துச் சொன்னதும் டைல்ஸிலும் மின்சாரத்திலும் கூட்டிச் சொன்னதும் ஒன்றுக்கொன்று கழிந்து தற்செயலாக அங்கே வந்து நிற்கிறது. அடுத்த மாதம் அப்படி நிற்காது.

சரி, கன்சல்டன்ட் சொன்ன 13.44-ஐ என்ன செய்வது? அவர் சிபிஐயோடு எஸ்பிஐயையும் பெருக்கியிருக்கிறார். வேலை பின்தங்கியிருக்கிறது, ஆனாலும் குறித்த தேதியில் முடித்தாக வேண்டும், அதற்காகப் பணம் கொடுத்து நேரத்தை வாங்குவோம் என்பதுதான் அந்தச் சூத்திரத்துக்குள் இருக்கும் அனுமானம். உங்கள் ஷீட்டின் தலைப்பில் ஜூன் தொடக்கத்தில் மாணவர்கள் வர வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஆகவே அவர் கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனால் எஸ்பிஐயால் கூடிய தொகை மட்டும் 94 லட்சம். அவசரப்படுத்த அவ்வளவு ஆகுமா என்று எஸ்பிஐக்குத் தெரியாது. எந்த வேலை பின்தங்கினாலும் அதற்கு ஒன்றுதான், ஸ்லாப் தாமதமா, கேட் பெயின்ட் தாமதமா என்று அது பிரித்துப் பார்க்காது. வேலை முடியப்போகும் கட்டத்தில் எவ்வளவு தாமதமானாலும் எஸ்பிஐ 1.0-ஐ நோக்கித்தான் ஏறும், அப்போது இந்தச் சூத்திரம் சும்மா சிபிஐ சூத்திரமாகவே சுருங்கிவிடும்.

ஆகவே அவசரத்தையும் நேராகவே விலை கேளுங்கள். இன்னொரு செட் சென்டரிங் வாடகை, இரண்டாவது கூட்டம் ஆட்கள், இரவு வேலைக்கான விளக்கு, கூடுதல் கூலி. இதற்கு மேஸ்திரியிடமும் வாடகைக்காரரிடமும் கொட்டேஷன் வாங்கினால் ஒரு தொகை வரும். அது 45 லட்சம் என்று வைத்துக்கொண்டால், தாமதம் தவிர்க்கப்படுவதால் நிர்வாகச் செலவில் 20 லட்சம் மிச்சம். 11.85 என்பது 12.10 ஆகும். ஜூனில் திறப்பதா, ஆகஸ்டில் திறப்பதா என்பதற்கு விலை 25 லட்சம் என்று எம்.டி.க்குப் புரியும்படி வந்துவிடும். தாமதத்துக்கு ஒப்பந்தத்தில் அபராதம் இருந்தால் அதையும் பக்கத்தில் எழுதுங்கள். முடிவு அவருடையது. 13.44 என்ற எண்ணை மட்டும் கொடுத்தால் இந்த முடிவை அவரால் எடுக்கவே முடியாது.

11.85-ஐ ஒற்றை எண்ணாகக் கொடுக்காமல் இருபக்கமும் ஒரு எல்லை வைத்துக் கொடுங்கள். சென்டரிங் 15 சதவீதத்திலேயே நின்று, தாமதம் ஒரு மாதத்தோடு போனால் 11.66 கோடி. இன்னொரு மறுவேலை வந்து, ஆர்டர் கொடுக்காத டைல்ஸ், பெயின்ட் வகையில் மேலும் பத்து சதவீதம் கூடி, மூன்று மாதம் தள்ளினால் 12.2 கோடி. மூன்று எண்ணுக்கும் கீழே என்ன நடந்தால் அது என்று ஒரு வரி இருக்கட்டும்.

மேனேஜர் 11 கோடியை விட்டு இறங்காவிட்டால் அவரோடு சண்டை போட வேண்டாம். 11 கோடியில் முடிய, ஆர்.சி.சி. நாளை முதல் ரூபாய்க்கு ஒரு ரூபாயில் நடக்க வேண்டும். கடைசி மாதம் நன்றாகப் போன மாதம், அதில்கூட 1.25 ஆனது. கம்பி விலையும் இறங்க வேண்டும், ஏற்கெனவே 147-க்குக் கையெழுத்துப் போட்ட ஆர்டரும் 140 ஆக வேண்டும். இந்த மூன்றும் எப்படி நடக்கும் என்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அமெரிக்கக் கடற்படை ஏ-12 என்ற போர் விமானத்தைச் செய்யத் தொடங்கி 1991 ஜனவரியில் கைவிட்டது. அதுவரை ஆன செலவை வைத்துக் கணித்த பெரிய எண்கள் அந்தத் திட்ட அலுவலகத்திலேயே இருந்தன. மேலதிகாரிகளுக்குப் போன கணிப்பு, எல்லாம் நல்லபடியாக நடந்தால் வரும் சிறிய எண்ணாக இருந்தது என்பது பின்னால் நடந்த விசாரணையில் தெரிந்தது. நல்ல நம்பிக்கையை எழுதுவது தப்பில்லை. அதற்கான நிபந்தனையையும் பக்கத்தில் எழுத வேண்டும்.

சாஃப்ட்வேரைப் பற்றி ஒரு வார்த்தை. மைக்ரோசாஃப்ட் புராஜெக்டில் `EAC` பத்தி எப்போதும் சிபிஐ நீடிக்கும் என்ற அனுமானத்தில்தான் கணக்கிடும், நீங்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும். பிரைமவேராவில் ஒவ்வொரு பிரிவுக்கும் `Earned Value` பக்கத்தில் அனுமானத்தைத் தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். அங்கே மீதி வேலையை எதனால் பெருக்க வேண்டும் என்பதற்கு `PF = 1`, `PF = 1 / CPI` என்றெல்லாம் இருக்கும், மீதிச் செலவை நேராகவே எடுத்துக்கொள்ளும் `ETC = remaining cost for activity` என்பதும் இருக்கும். ஆர்டர் கொடுத்துவிட்ட மின்சார வேலைக்கு இந்தக் கடைசியைத் தேர்ந்தெடுத்து, மீதித் தொகையை நீங்களே கொடுங்கள். மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே தேர்வை வைத்துவிட்டு வரும் எண்ணைக் காப்பி செய்யாதீர்கள்.

அடுத்த மாத முடிவில் இந்தக் கணிப்பு தாங்குகிறதா என்று தெரிந்துகொள்ள முழு ஷீட்டையும் பார்க்க வேண்டியதில்லை. அடுத்த 60 லட்ச ஆர்.சி.சி. வேலைக்கு 78 லட்சத்துக்குள் வந்தால் 11.85 நிற்கிறது. 75 அல்லது அதற்குக் கீழே வந்தால் மேனேஜர் சொன்ன வேகம் உண்மையாகவே வருகிறது. 84-ஐத் தாண்டினால் சென்டரிங்கைத் தவிர இன்னொரு காரணம் உள்ளே புகுந்திருக்கிறது. முதலில் கம்பியின் உபயோகக் கணக்கை எடுங்கள், வாங்கியது, போட்டது, யார்டில் மிச்சம், வெட்டுத் துண்டு. அந்த நான்கும் நேராகாவிட்டால் அங்கேயே நின்று தேடுங்கள். ஸ்லாப் போட்டதும் இந்த இரண்டு எண்ணையும், முடிந்த வேலையும் ஆன செலவும், எனக்கு அனுப்புங்கள். சேர்ந்து பார்ப்போம்.